படமெடுத்த ஆய்வுச் சுருக்கத்தைச் சொல் வரம்புக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்தரங்கு மலரிலோ நூலகப் பிரதியிலோ ஒரு நீளமான ஆய்வுச் சுருக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள். அதை 80 சொல்லுக்குள் எழுதித் தரச் சொல்கிறார்கள். மருத்துவம், செவிலியம், மருந்தியல் படிப்பவர்களுக்கு இந்த வேலை அடிக்கடி வரும். இங்கே ஒரே ஒரு உண்மையான ஆய்வை எடுத்துக்கொண்டு, அதை வைத்தே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். பிரிட்டனில் 2020-ல் கோவிட்-19 நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி சோதனையில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சோதித்த பகுதிதான் அந்த ஆய்வு. கீழே வரும் நீண்ட வடிவம் இந்தப் பக்கத்துக்காக நான் தமிழில் எழுதியது. எண்கள் அந்த ஆய்வுக் கட்டுரையில் உள்ளவை.

படத்தைப் பார்த்துக்கொண்டே சுருக்கி எழுதிவிடலாமா, முழுசாக டைப் செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டுமா?

முழுசாக எழுத்தாக்கிவிட்டு வெட்டுங்கள். படத்தைப் பார்த்தே சுருக்கும்போது கண் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவும். ஒரு குழுவின் சதவீதம் மற்ற குழுவின் பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி எழுதிய வாக்கியம் படிக்க நன்றாகவே இருக்கும், அதனால் தவறு கண்ணில் படாது. தவிர, மூலத்தில் எத்தனை சொல் என்று தெரியாமல் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று திட்டமிட முடியாது.

கூகுள் லென்ஸ் போன்ற செயலி எழுத்தை எடுத்துத் தரும். அதற்குக் கொடுக்கும் முன் படத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தடித்த மலரின் நடுமடிப்புக்கு அருகில் வரிகள் வளைந்துபோகும், அங்கேதான் அதிகம் தப்பாகும். பக்கத்தைத் தட்டையாக அழுத்திப் பிடித்து, நேர் மேலிருந்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். பக்கம் இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடது பத்தியின் முதல் வரியோடு வலது பத்தியின் முதல் வரி சேர்ந்து வரும்.

செயலி எடுத்துக் கொடுத்த எண்களை அப்படியே நம்பலாமா?

எழுத்தை ஓரளவு நம்பலாம், எண்ணை நம்பக் கூடாது. காரணம் இருக்கிறது. "நோயாளிகள்" என்ற சொல்லில் ஒரு எழுத்து தப்பாக வந்தால் படிப்பவருக்கே தெரிந்துவிடும். 0.83 என்பது 0.88 ஆக வந்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இரண்டுமே சரியான எண்கள்தான்.

வழக்கமாக வரும் தவறுகள் சில. தசமப் புள்ளி காணாமல் போய் 1.19 என்பது 119 ஆகும். இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள சிறு கோடு விழுந்து 0.75–0.93 என்பது ஒரே நீள எண்ணாக ஒட்டிக்கொள்ளும். 1-ம் 7-ம், 3-ம் 8-ம், 6-ம் 0-வும் இடம் மாறும். P<0.001 என்பதில் உள்ள குறி எழுத்தாக மாறிவிடும். தமிழ்ப் பகுதியில் புள்ளி மறைந்து "க்" என்பது "க" ஆகும், துணைக்காலும் "ர"வும் குழம்பும். நீளமான சொல் நடுவில் உடைந்து இரண்டாகவும் வரும், அதனால் சொல் எண்ணிக்கையே தவறாகக் காட்டும்.

சரிபார்க்க இரண்டு வழி உண்டு. முதலாவது, இன்னொருவரை உட்கார வைத்து அவர் படத்திலிருந்து எண்களை உரக்கப் படிக்க, நீங்கள் டைப் செய்ததில் விரல் வைத்துப் பார்ப்பது. "பூஜ்யம் புள்ளி எட்டு மூன்று" என்று இலக்கம் இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி கணக்கு. நல்ல ஆய்வுச் சுருக்கத்தில் எண்கள் ஒன்றையொன்று சாட்சி சொல்லும். நம் ஆய்வில் மருந்துக் குழுவின் 2104 பேரில் 482 பேர் இறந்தார்கள் என்றும் அது 22.9% என்றும் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 22.91 வரும். மற்ற குழுவில் 4321 பேரில் 1110, அது 25.69. அச்சில் 25.7. பொருந்துகிறது, ஆகவே அந்த ஆறு எண்களும் சரியாக வந்திருக்கின்றன.

விகிதத்துக்கும் நம்பக இடைவெளிக்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. இடைவெளியின் இரு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், விகிதத்துக்கு மிக அருகில் வர வேண்டும். 0.51-ஐ 0.81-ஆல் பெருக்கி மூலம் எடுத்தால் 0.643. அச்சில் விகிதம் 0.64. செயலி 0.51-ஐ 0.57 என்று படித்திருந்தால் விடை 0.68 வந்திருக்கும், உடனே படத்துக்குத் திரும்பியிருப்பீர்கள். இது விகிதங்களுக்கு மட்டும் பொருந்தும், ஏனென்றால் அவற்றின் இடைவெளி மடக்கை அளவில் கணக்கிடப்படுகிறது. இரண்டு சராசரிகளின் வித்தியாசம் என்றால் இரு முனைகளின் சாதாரணச் சராசரிதான் நடு எண்ணோடு ஒத்துப்போகும்.

மூலத்தில் 164 சொல் இருக்கிறது, 80-தான் அனுமதி. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் மூலத்தைப் பார்த்துவிடுங்கள்:

> கோவிட்-19 நோய் பலரிடம் லேசாகவே வந்து போனாலும், சிலரிடம் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கி உயிரையே பறித்துவிடுகிறது என்பது அனைவரும் அறிந்ததே. நோயின் பிந்தைய கட்டத்தில் உடலில் எழும் அழற்சியே நுரையீரலுக்குக் கேடு செய்வதாகக் கருதப்படுவதால், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் பயன் தரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு மருத்துவர்களிடையே நிலவி வந்தது. இந்தப் பின்னணியில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட்-19 நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதன் மூலம் 28 நாள்களுக்குள் நிகழும் இறப்பு குறைகிறதா என்பதைக் கண்டறிவதே இந்த ஆய்வின் முதன்மையான நோக்கமாகும். பிரிட்டனில் மருந்தை மறைக்காமல் நடத்தப்பட்ட இந்தச் சோதனையில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 2104 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் டெக்ஸாமெத்தசோன் தினமும் ஒருமுறை 6 மி.கி. வீதம் அதிகபட்சம் 10 நாள்கள் வாய் வழியாகவோ சிரை வழியாகவோ கொடுக்கப்பட்டது. 4321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. 28 நாள்களுக்குள் டெக்ஸாமெத்தசோன் குழுவில் 482 பேரும் (22.9%) வழக்கமான சிகிச்சைக் குழுவில் 1110 பேரும் (25.7%) உயிரிழந்தனர் (வயதுக்குச் சீர்செய்த விகிதம் 0.83, 95% நம்பக இடைவெளி 0.75–0.93, P<0.001). செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடம் இந்த இறப்பு 29.3%, 41.4% என இருந்தது (0.64, 0.51–0.81). கருவி இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 23.3%, 26.2% (0.82, 0.72–0.94). சுவாச உதவி எதுவும் பெறாதவர்களிடம் 17.8%, 14.0% (1.19, 0.92–1.55). எனவே, மேற்கண்ட முடிவுகளின் அடிப்படையில், செயற்கைச் சுவாசமோ ஆக்சிஜனோ பெற்று வந்த நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் இறப்பைக் குறைத்தது என்றும், சுவாச உதவி பெறாதவர்களிடம் பயன் தெரியவில்லை என்றும் முடிவுக்கு வரலாம்.

வெட்டும் முன் பகுதிவாரியாக எண்ணுங்கள். பின்னணி 36 சொல், நோக்கம் 20, முறை 34, முடிவுகள் 52, தீர்மானம் 22. இப்படிப் பிரித்ததுமே விஷயம் தெளிவாகிவிடுகிறது. படிப்பவருக்குப் புதிதாக எதுவும் சொல்லாத பின்னணி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதை முழுசாக எடுத்தால் 128. தீர்மானத்தில் "எனவே, மேற்கண்ட முடிவுகளின் அடிப்படையில்" என்பதும் "முடிவுக்கு வரலாம்" என்பதும் வெறும் சட்டகம்.

பலர் எல்லாப் பகுதியிலும் சம அளவு கத்தரிக்கப் பார்க்கிறார்கள். அது தவறான பாதை. அப்படிச் செய்தால் பின்னணி பாதி உயிரோடு நிற்கும், முடிவுகளில் ஒரு குழு காணாமல் போகும். பின்னணியைப் பூஜ்யமாக்கி, தீர்மானத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்து, அப்புறம்தான் நோக்கத்தையும் முறையையும் தொட வேண்டும். எண்கள் உள்ள வாக்கியங்களைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

இதுதான் 79 சொல்லில் வந்தது:

> நோக்கம்: மருத்துவமனையில் சேர்ந்த கோவிட்-19 நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் 28 நாள் இறப்பைக் குறைக்கிறதா என அறிவது. முறை: பிரிட்டனில் மருந்தை மறைக்காத குலுக்கல் சோதனை. 2104 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் இம்மருந்து தினமும் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். 4321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முடிவு: மருந்துக் குழுவில் 22.9%, மற்றதில் 25.7% இறந்தனர் (வயதுக்குச் சீர்செய்த விகிதம் 0.83, 95% நம்பக இடைவெளி 0.75–0.93). செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடம் 29.3%, 41.4% (0.64, 0.51–0.81), ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடம் 23.3%, 26.2% (0.82, 0.72–0.94), சுவாச உதவி பெறாதோரிடம் 17.8%, 14.0% (1.19, 0.92–1.55). தீர்மானம்: சுவாச உதவி பெற்றோரிடம் இறப்பு குறைந்தது, பெறாதோரிடம் பயன் தெரியவில்லை.

இப்போது நோக்கம் 12, முறை 22, முடிவு 36, தீர்மானம் 9. 164-லிருந்து 79-க்கு வந்தும் விகிதங்களில் ஒன்றுகூடப் போகவில்லை.

நோக்கம் என்று ஒரு வரிதான் இருக்கிறது. அதில் எதைக் குறைப்பது?

"என்பதைக் கண்டறிவதே இந்த ஆய்வின் முதன்மையான நோக்கமாகும்" என்ற வாலை எடுத்துவிடலாம், "நோக்கம்:" என்ற தலைப்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எடுக்கக் கூடாதவை நான்கு: யாரிடம் (மருத்துவமனையில் சேர்ந்தவர்கள்), எதை (டெக்ஸாமெத்தசோன்), எந்த விளைவை (இறப்பு), எந்தக் காலத்துக்குள் (28 நாள்).

இதில் முதலில் பலியாவது "மருத்துவமனையில் சேர்ந்த" என்பதுதான். இரண்டே சொல், போனால் என்ன என்று தோன்றும். அது போனால் வீட்டில் லேசான காய்ச்சலோடு இருப்பவருக்கும் இந்த ஆய்வு பொருந்தும் என்று அர்த்தமாகிவிடும். ஸ்டீராய்டு விஷயத்தில் அது ஆபத்தான அர்த்தம்.

முறையில் எதை விட்டால் பிடிபடுவேன்?

நான்கை விடாதீர்கள்: குலுக்கல் முறையா இல்லையா, மருந்தை மறைத்தார்களா, எதோடு ஒப்பிட்டார்கள், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர். குலுக்கல் சோதனைகளின் சுருக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கன்சார்ட் குழு 2008-ல் வெளியிட்ட பட்டியலிலும் இவை இருக்கின்றன.

"மருந்தை மறைக்காத" என்பது சாதாரண விவரமாகத் தோன்றும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் யார் எதை வாங்குகிறார் என்று தெரிந்திருந்தது என்பதை அந்த இரண்டு சொல்தான் சொல்கிறது. வலி, களைப்பு போல நோயாளி சொல்லித் தெரியவரும் விளைவை அளந்த ஆய்வாக இருந்தால் அது முடிவையே சந்தேகிக்க வைக்கும். இறப்பைப் பொறுத்தவரை பாதிப்பு குறைவு. எதுவானாலும் முடிவு செய்ய வேண்டியவர் படிப்பவர், அதற்கான தகவலை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"வாய் வழியாகவோ சிரை வழியாகவோ" என்ற நான்கு சொல்லை எடுத்தேன். அளவும் நாளும் இருந்தால் எந்த மருந்துத்திட்டம் என்று தெரிந்துவிடும். "தினமும்" இருப்பதால் "ஒருமுறை", "வீதம்" இரண்டும் தேவைப்படவில்லை.

இத்தனை எண்கள் இருக்கின்றன. எது கட்டாயம், எது போகலாம்?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த எண்ணை எடுத்துவிட்டால், மிச்சமுள்ள எண்களிலிருந்து படிப்பவர் அதைத் திரும்பப் பெற முடியுமா? முடிந்தால் எடுக்கலாம்.

482-ம் 1110-ம் போகலாம். 2104 பேரில் 22.9% என்று இருக்கிறது, பெருக்கினால் 482 கிடைத்துவிடும். மாறாக 482-ஐ வைத்துக்கொண்டு 2104-ஐ எடுத்தால் எத்தனை பேரில் 482 என்று தெரியாது. குழுவின் மொத்தம்தான் தாங்கு எண், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

P<0.001 போகலாம். 95% இடைவெளி 0.75-லிருந்து 0.93 வரை, அதாவது 1-ஐத் தொடவில்லை. இடைவெளியைப் பார்த்தவருக்கு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்பது தெரிந்துவிடும், கூடவே எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதும் தெரியும். பி மதிப்பை மட்டும் வைத்து இடைவெளியை எடுப்பது பரவலாக நடக்கிறது, அது தலைகீழ். பி மதிப்பிலிருந்து இடைவெளியைப் படிப்பவரால் எளிதில் பெற முடியாது. கருத்தரங்கு நடத்துபவர்கள் பி மதிப்பு கட்டாயம் என்று சொல்லியிருந்தால் மட்டும் ஒரு சொல்லை அதற்கு ஒதுக்குங்கள்.

"வயதுக்குச் சீர்செய்த" என்ற இரண்டு சொல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அதைத்தான் வெட்டுகிறார்கள். 22.9-ஐ 25.7-ஆல் வகுத்தால் 0.89 வரும். சுருக்கத்தில் 0.83 என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கும் வாசகர் எழுத்துப்பிழை என்றே நினைப்பார். உண்மையில் மருந்துக் குழுவில் இருந்தவர்கள் மற்ற குழுவைவிடச் சராசரியாக 1.1 வயது மூத்தவர்களாக அமைந்துவிட்டார்கள். வயது கூடினால் இறப்பும் கூடும். அந்த வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு கிடைத்த விகிதம்தான் 0.83. அந்த இரண்டு சொல் போனால் சதவீதமும் விகிதமும் ஒன்றோடொன்று சண்டையிடும், இரண்டும் சரியாக இருந்தும் இரண்டுமே தப்பாகத் தெரியும்.

ஒரே குறியீட்டு வரிசையைக் கடைப்பிடித்தாலும் சொல் மிச்சமாகும். "மருந்துக் குழுவில் 22.9%, மற்றதில் 25.7%" என்று முதல் முறை வரிசையைச் சொல்லிவிட்டால், அடுத்தடுத்த ஜோடிகளில் குழுவின் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "95% நம்பக இடைவெளி" என்பதும் ஒருமுறை போதும். ஆனால் வரிசையை நடுவில் மாற்றவே கூடாது.

தசமத்தை முழு எண்ணாக்கி இடம் பிடிக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 22.9%-ஐ 23% ஆக்கினாலும் அது ஒரே சொல்தான், எதுவும் மிச்சமாகாது. 14.0-ஐ 14 ஆக்கினால் மற்ற எண்களோடு துல்லியம் ஒத்துப்போகாது. மூலத்தில் உள்ளபடியே விடுங்கள்.

உட்குழு முடிவுகளை எடுத்துவிட்டால் நிறைய இடம் கிடைக்குமே? மொத்த முடிவு போதாதா?

இந்த ஆய்வில் போதாது. மொத்த முடிவை மட்டும் வைத்தால் "மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் இறப்பைக் குறைக்கிறது" என்று நிற்கும். உள்ளே பார்த்தால் மூன்று குழுக்களும் மூன்று விதம். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் பெரிய பலன். ஆக்சிஜன் பெற்றவர்களிடம் நடுத்தரப் பலன். எந்தச் சுவாச உதவியும் பெறாதவர்களிடம் 17.8%, 14.0%, அதாவது எண் மறுபக்கம் சாய்கிறது. இடைவெளி 0.92-லிருந்து 1.55 வரை போவதால் கெடுதல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பலன் என்றும் சொல்ல முடியாது. யாருக்கு மருந்தைக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்பதை அந்த வரிதான் சொல்கிறது. இடம் இல்லை என்று அதை விட்டால் மருந்து தேவையில்லாதவருக்கும் போய்ச்சேரும்.

எல்லா ஆய்விலும் உட்குழுக்களை வைக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. உட்குழு முடிவுகள் மொத்த முடிவின் திசையிலேயே இருந்து, வித்தியாசமும் பெரிதாக இல்லாவிட்டால் தாராளமாக எடுக்கலாம். உட்குழு தீர்மானத்தை மாற்றினால் இருக்கட்டும்.

தீர்மானத்தை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "பெறாதோரிடம் பயன் தெரியவில்லை" என்பதை "பெறாதோருக்குத் தீங்கு" என்று சுருக்கினால் ஒரு சொல் குறையும். ஆனால் ஆய்வு அதைச் சொல்லவில்லை. "பயன் இல்லை" என்பதும் "பயன் தெரியவில்லை" என்பதும்கூட வேறு வேறு.

வேர்டில் 79 காட்டுகிறது, இணையப் படிவம் 84 என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. ஏன்?

வேர்டு சொற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை வைத்து எண்ணுகிறது. சில படிவங்கள் கோடு வரும் இடத்திலும் பிரித்து எண்ணும். நம் சுருக்கத்தில் "கோவிட்-19" ஒன்று, நடுவில் கோடு போட்ட எண் ஜோடிகள் நான்கு, ஆக ஐந்து கூடுதலாகி 84 ஆகிறது.

"கோவிட்-19" என்பதை "கோவிட்" ஆக்கினால் 83. முதல் மூன்று தலைப்புகளை எடுத்தால் சரியாக 80. வாக்கியங்களே நோக்கம் எது, முறை எது என்று காட்டுவதால் பொருள் கெடாது. படிவத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெட்டி இருந்தால் தலைப்பு எப்படியும் தேவையில்லை. எதிலும் கடைசி முடிவு படிவத்தின் எண்ணிக்கைதான், அதனால் கெடு நாளுக்கு முன்பே ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வெற்றிடத்தை வைத்து எண்ணும் கணக்கை இப்படிப் பார்க்கலாம்:

```
wc -w surukkam.txt
```

செயலியிலிருந்து ஒட்டிய எழுத்தில் குறிகளைச் சுற்றித் தேவையில்லாத இடைவெளி இருக்கும். "P < 0.001" என்று இடம் விட்டிருந்தால் மூன்று சொல், "22.9 %" என்றால் இரண்டு. அவற்றை ஒட்டிவிட்டாலே சில சொற்கள் நியாயமாகக் குறையும்.

தமிழில் சொற்களைச் சேர்த்து எழுதினால் எண்ணிக்கை குறையுமே, அப்படிச் செய்யலாமா?

வழக்கில் உள்ள சேர்க்கை என்றால் செய்யலாம். "இந்த மருந்து" என்பதை "இம்மருந்து" என்று எழுதுவதும், "இருந்தவர்களிடம்" என்பதை "இருந்தோரிடம்" என்பதும் நல்ல தமிழ்தான் (இரண்டாவதில் சொல் எண்ணிக்கை குறையாது, எழுத்து குறையும், எழுத்து வரம்பு இருந்தால் உதவும்). "வழக்கமானசிகிச்சையுடன்", "செயற்கைச்சுவாசத்திலிருந்தோரிடம்" என்று ரயில்பெட்டி போலக் கோப்பது வேண்டாம். தேர்வு செய்பவர் ஒரே நாளில் நிறையச் சுருக்கங்கள் படிப்பார், அப்படிப்பட்ட சொல்லில் அவர் கண் தடுக்கி நிற்கும். எண்ணையும் அலகையும் ஒட்டுவதும் அப்படித்தான். "6மி.கி." என்று எழுதி ஒரு சொல் மிச்சம் பிடிப்பதைவிட ஒரு பெயரடையை எடுப்பது மேல்.

படத்தில் ஓரம் மங்கிப்போய் ஒரு எண் சரியாகத் தெரியவில்லை. ஊகித்துப் போடலாமா?

கூடாது. ஆனால் கணக்கால் மீட்க முடிந்தால் அது ஊகம் அல்ல. 25.7% மங்கி, 1110-ம் 4321-ம் தெளிவாக இருந்தால் வகுத்துப் பெறலாம். இடைவெளியின் ஒரு முனை மங்கியிருந்தால் விகிதத்தின் வர்க்கத்தை மறுமுனையால் வகுத்துப் பார்க்கலாம். 0.82-ன் வர்க்கம் 0.672, அதை 0.72-ஆல் வகுத்தால் 0.93. அச்சில் இருப்பதோ 0.94. விகிதமே இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கப்பட்டதால் கடைசி இலக்கம் இப்படி நழுவும். ஆகவே இந்த வழி "படத்தில் தெரிவது 0.94-ஆ, 0.34-ஆ" என்று தீர்க்க உதவும். புதிதாக ஒரு எண்ணை எழுதிக்கொள்ள உதவாது. அதற்கு மூலக் கட்டுரையையோ அச்சுப் பிரதியையோதான் பார்க்க வேண்டும். கிடைக்கவே இல்லை என்றால் அந்த எண் வேண்டாம், தெளிவாக உள்ளவற்றை வைத்து எழுதுங்கள்.

80-ம் இல்லை, 40 சொல்தான் என்கிறார்கள். அப்போதும் இதே முறைதானா?

இல்லை, 80-லிருந்து மேலும் கத்தரித்தால் வாக்கியங்கள் துண்டு துண்டாகிவிடும். 80 சொல் வடிவத்தை மூடி வைத்துவிட்டுப் புதிதாக இரண்டு வாக்கியம் எழுதுங்கள். முதல் வாக்கியத்தில் நோக்கமும் முறையும் முக்கிய எண்ணும், இரண்டாவதில் தீர்மானமும் அதை மாற்றும் எண்ணும்.

> மருத்துவமனையில் சேர்ந்த கோவிட்-19 நோயாளிகள் 6425 பேரிடம் தினமும் 6 மி.கி. டெக்ஸாமெத்தசோனை வழக்கமான சிகிச்சையுடன் ஒப்பிட்ட குலுக்கல் சோதனையில் 28 நாள் இறப்பு முறையே 22.9%, 25.7% (வயதுக்குச் சீர்செய்த விகிதம் 0.83, 0.75–0.93). செயற்கைச் சுவாசமோ ஆக்சிஜனோ பெற்றோரிடம் இறப்பு குறைந்தது, சுவாச உதவி பெறாதோரிடம் பயன் தெரியவில்லை (1.19, 0.92–1.55).

39 சொல். இரண்டு குழுவின் மொத்தத்தையும் கூட்டி 6425 என்று போட்டதில் குழுக்கள் சம அளவு இல்லை என்ற தகவல் போய்விட்டது, நாடும் போய்விட்டது, மருந்தை மறைக்கவில்லை என்பதும் போய்விட்டது. பலன் இருந்த இரண்டு உட்குழுக்களின் எண்களும் இல்லை. பலன் தெரியாத குழுவின் எண்ணை மட்டும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டின் திசையை மொத்த முடிவே காட்டுகிறது, இதன் திசையை அது மறைக்கிறது.

எல்லாம் செய்தும் இரண்டு சொல் அதிகமாக நிற்கிறது. எதைத் தொடுவது?

முதலில் "பிரிட்டனில்". அப்புறம் "இம்மருந்து", நோக்கத்திலேயே மருந்தின் பெயர் வந்துவிட்டதால் 6 மி.கி. எதுவென்று புரியும். அதற்குமேலும் வேண்டுமென்றால் "என அறிவது" என்பதை எடுத்து நோக்கத்தைக் கேள்வியாகவே நிறுத்துங்கள்: "டெக்ஸாமெத்தசோன் 28 நாள் இறப்பைக் குறைக்கிறதா?" வெட்டி முடித்ததும் சுருக்கத்தில் மிச்சமுள்ள எண்களை மட்டும் மறுபடி படத்தோடு ஒப்பிடுங்கள், சொற்களை நகர்த்தும்போதும் இலக்கங்கள் விழும்.